வரியே இல்லாத வருஷம்

அவரை எல்லாரும் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, லாட்ஜ் விரிப்புகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் தொழில். அவருக்கு வரிக்கணக்கு எழுதி, திட்டித் திட்டித் தொண்டை வறண்டவன் நான்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று அவரைக் கைவிட்டது. மனுஷன் ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை. கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தார். சரியான நஷ்டம். கெடுவுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யலாம், பில்களைக் கொண்டு வா என்று கத்தினேன்.

"வரியே இல்லாத வருஷத்துக்கு என்ன சார் அவசரம்?" என்றார். கெடு முடிந்தபிறகு ஆடி அசைந்து வந்து, தாமதக் கட்டணத்தையும் கட்டிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருஷம் நல்ல லாபம். என் திட்டுக்குப் பயந்து இன்டர்நெட் கடையில் தாக்கல் செய்திருக்கிறார். அந்தக் கடைக்காரப் புண்ணியவான் பழைய நஷ்டம் முழுவதையும் லாபத்தில் கழித்து, வரி இல்லை என்று போட்டுவிட்டான். இப்போது வருமான வரித்துறை நோட்டீஸ். முந்தைய கணக்கு கெடு தாண்டி வந்தது. அதனால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. முப்பது நாளில் பதில் சொல்.

நுரையும் அவர் மனைவியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"லேட் ஃபீஸ் கட்டினேனே சார்!"

"அது தாமதமா வந்ததுக்குய்யா. நஷ்டத்தைக் காப்பாத்த இல்ல."

"ஏதாவது பண்ணுங்கண்ணா," என்றார் அந்த அம்மா. "வரி கட்டணும்னா பெரிய மெஷினை வித்தாகணும். அது போனா லாட்ஜ் வேலையும் போச்சு."

நஷ்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். மெஷின்களின் தேய்மானத்துக்கு இந்தக் கெடு விதி கிடையாது. அதைக் கழித்தது சரி என்று பதிலில் எழுதினேன். அது கொஞ்சம்தான். சம்பளமும் கரண்டு பில்லும் தின்ற மீதி நஷ்டத்துக்கு ஒரே வழி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மனு.

"காரணம் வேணும். அந்த நாள்ல என்ன ஆச்சு உங்களுக்கு?"

"உடம்பு சரியில்லைன்னு எழுதுங்கண்ணா," என்றார் அந்த அம்மா அவசரமாக.

"டாக்டர் சீட்டு கேப்பாங்கம்மா. பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நுரை தலைகுனிந்தார். "நல்லாத்தான் இருந்தேன். சும்மாதான் இருந்தேன்."

காரணம் இல்லாமல் மனு நிற்காது. வேறு என்ன எழுத? மீதி நஷ்டத்துக்கு 'கழிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று போட்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

"சார், அந்த நஷ்டம் நெஜம்தானே?"

"நெஜம்தான்யா. எனக்குத் தெரியாதா?"

"ஒரு ஆளையும் அனுப்பலையே சார் நான்."

பதிலை அனுப்பினேன். அந்த அம்மா எழுந்து வாசல்பக்கம் போய், மெஷின் வாங்குகிறவரிடம் போனில் விலை பேச ஆரம்பித்தார். நுரை நாற்காலியில் இருந்தபடியே, அந்த மெஷினை ஓட்டுகிறவருக்கு இன்றே சொல்லிவிடட்டுமா, இல்லை சம்பளம் போட்டபிறகு சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார்.