விசா என்று மட்டும் கேட்டவர்களுக்கு

என் தம்பியை வளைகுடாவுக்கு அனுப்பியவர் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். கீழே இருந்த போர்டில் ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. பீளமேட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, டவுன்பஸ்ஸுக்கு நின்றபடியே அந்த எண்ணுக்கு ‘விசா’ என்று அனுப்பினான். அவ்வளவுதான். வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்காது.

உடனே பதில் வந்தது. ‘நேர்ல வாங்க கண்ணு, பேசிக்கலாம்.’

துணைக்கு நானும் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். என்னை அம்மணி என்றே கூப்பிட்டார். தான் தரப்போவது சுற்றுலா விசா என்பதைக்கூட மறைக்கவில்லை. “இப்ப இதுல போயிருட்டுமுங்க. அங்க போனதும் கம்பெனிக்காரங்களே மாத்திக் குடுத்துருவாங்கொ. எத்தனை பேர அனுப்பிச்சிருக்கறேன்!” என்றார். நாங்கள் தலையாட்டினோம். அப்படி மாற்றித்தர எந்தக் கம்பெனியும் அங்கே காத்திருக்கவில்லை என்பது தம்பி போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

விசாக் காலம் முடிந்ததும் அவன் ஒளிந்து வேலை செய்தான். பட்டறை ஒன்றில் வலது கை வெந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கூட இருந்தவர்கள் கொடுத்த களிம்பைப் போட்டுக்கொண்டு அறையிலேயே கிடந்தான். விரல்கள் அப்படியே மடங்கி ஒட்டிக்கொண்டன. இனி அவனால் வெல்டிங் பிடிக்க முடியாது.

காந்திபுரத்து மாடிக்கு மறுபடியும் ஏறினேன். இந்த முறை டீ இல்லை. “நான் விசா குடுத்தனா இல்லீங்களா? போனதுக்கப்புறம் பையன் சட்டத்த மீறுனா நான் என்ன அம்மணி பண்றது?” என்று அதே இனிப்பான குரலில் கேட்டார். அந்த இனிப்பு காதிலேயே நிற்கப் படியிறங்கினேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று.

தம்பியைத் திரும்பக் கொண்டுவர உதவியது நகரத்தில் ஒரு பங்குக் கோயில் நடத்திய உதவி மையம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி, எல்லாருக்கும் சிஸ்டர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தூதரகத்துக்கு அவர்தான் எழுதினார், விடாமல் துரத்தினார். தம்பி ஊர் வந்து சேர்ந்ததும், “அக்கா, மெசேஜ் பாக்கறதுக்கு ஆளில்லீங்க. நீங்க வர்றீங்களா?” என்று கேட்டார். மில் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். மறுநாளே போய் உட்கார்ந்தேன்.

மையத்து வாட்ஸ்அப் எண்ணுக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் ஒற்றைச் சொல்தான். லோன். பென்ஷன். பாஸ்போர்ட். விசா. சிலர் அதையும் தப்பும் தவறுமாக அனுப்புவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள். பழைய உரையாடல்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்வியோடு பெரும்பாலானவை நின்றுபோயிருந்தன. என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவர்கள் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். என் தம்பி நிறுத்தியதுபோல.

“முதல்ல நம்ம ஏதாச்சும் குடுக்கோணும் சிஸ்டர். குடுத்துட்டுத்தான் கேக்கோணும்” என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். லோன் என்று வந்தால் வீட்டுக் கடன், நகைக் கடன், படிப்புக் கடன், தொழில் கடன் என்று வகைகள், பொதுவாக வங்கி கேட்கும் காகிதங்கள், வட்டியை எப்படி ஒப்பிடுவது, கடன் கொடுக்கும் முன்பே கட்டணம் கேட்கிற செயலிகளிடம் ஏன் எட்ட நிற்க வேண்டும் என்று சுருக்கமாக எழுதினோம். கடைசி வரி மட்டும் கேள்வி: எதற்கான கடன் என்று சொன்னால் மேலும் சொல்கிறோம்.

விசாவுக்கான பதிலை நான் தனியாக எழுதினேன். சிஸ்டர் கொடுமுடிப் பக்கம் வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. எழுதும்போது கண்முன்னால் அந்த மாடி அறை மட்டுமே இருந்தது. ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள், சுற்றுலா விசாவில் போனால் சிறை, கை கால் போய்விடும், குடும்பம் தெருவுக்கு வரும் என்று எழுதினேன். வரிக்கு வரி அந்த ஏஜென்ட் முகத்தில் அறைவதுபோல இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மதியம் பசித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பவானியில் இருந்து ஒரு அம்மா போன் செய்து அழுதார். அவரும் ‘விசா’ என்று அனுப்பியவர்தான். மகள் வெளிநாட்டில் மாசமாக இருந்தாள்.

“ஏனுங்க, பெத்த மகளப் பாக்கப் போறதுக்குக்கூட ஜெயில்ல போட்டுருவாங்களாங்க? நான் வரலைன்னு சொல்லிப்போட்டனுங்க. புள்ள அங்க தனியா அழுவுது.”

பார்வையாளர் விசாவில் மகளைப் பார்க்கப் போவதில் எந்தத் தப்பும் இல்லை என்று அவருக்குப் புரியவைக்கவே நெடுநேரம் ஆனது. போனை வைத்ததும் சிஸ்டர் என் பதிலை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. “அக்கா, இது அந்த அம்மாவுக்கு எழுதுனது இல்லீங்க. அந்த ஆளுக்கு எழுதியிருக்கறீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “அந்த ஆளுனாலதானுங்க சிஸ்டர் இந்த மையமே வேண்டியிருக்குது” என்றேன்.

“இருக்கட்டும். விசான்னு கேக்கறவங்க யாரு யாருன்னு நமக்குத் தெரியாதுங்க. படிக்கப் போறவங்க இருப்பாங்க, கோயில் குளம் பாக்கப் போறவங்க இருப்பாங்க. எல்லாத்துக்கும் ஆகற மாதிரி எழுதுங்க. அதுல அவருக்கும் ஒரு வரி தானா வந்துரும்.”

வேண்டாவெறுப்பாகத்தான் மறுபடி எழுதினேன். விசா என்பது ஒரு நாடு தன் எல்லைக்குள் வரத் தருகிற அனுமதி. சுற்றிப் பார்க்க, உறவினரைப் பார்க்க, படிக்க, வேலை செய்ய என்று காரணத்துக்கு ஏற்ப வகை மாறும். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். கட்டணமும் காகிதங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும், அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்ப்பதே சரி. விசா தருவதும் மறுப்பதும் அந்த நாட்டின் முடிவு, உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அரசு இணையதளத்தில் சரிபார்க்கலாம். எந்த நாடு, எதற்காக என்று சொன்னால் மேலும் சொல்கிறோம்.

இதில் சிறையும் இல்லை, வெந்த கையும் இல்லை. சப்பென்று இருந்தது எனக்கு. ஆனால் முதல் பதிலை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. இதை அனுப்பினார்கள். பட்டறைக் குழுக்களில், கல்லூரிக் குழுக்களில், மகளிர் குழுக்களில் சுற்றியது. என் நாத்தனாருக்கே வேறு யாரோ அனுப்பி, அவள் எனக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நாளில் காந்திபுரத்து ஏஜென்ட்டே மையத்துக்குப் போன் செய்தார். என் குரல் அவருக்கு ஞாபகமில்லை.

“ஏனுங்க அம்மணி, என்னமோ நம்பர் நம்பர்னு எழுதி உட்டிருக்கறீங்களாமா. வர்ற பசங்க எல்லாம் உக்கார்றதுக்கு முன்னாடியே பதிவு நம்பர் என்னன்னு கேக்கறாங்க. தொழில் பண்றதா வேண்டாமுங்களா?”

“நம்பர் இருந்தா சொல்லிர வேண்டியதுதானுங்களே” என்றேன்.

அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். அது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சில நாட்கள் கழித்து, அவருடைய எண்ணில் இருந்து மையத்துக்கு ஒரு செய்தி வந்தது. ‘லைசென்ஸ்’ என்று மட்டும். மானத்தை விட்டு முழுதாகக் கேட்க மனம் வரவில்லை போல.

எந்த லைசென்ஸ் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாததுபோலப் பதில் எழுதினேன். ஒற்றைச் சொல்லுக்குப் பொதுவாகத்தானே சொல்ல வேண்டும்? வண்டி ஓட்ட என்றால் முதலில் எல்எல்ஆர் எடுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று தொடங்கினேன். கடை வைக்க என்றால் மாநகராட்சி உரிமம். பலகாரம் விற்க என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. எல்லாவற்றையும் அவர் ஒரு வரி விடாமல் படிக்கட்டும் என்று எழுதினேன். கடைசியாக வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமம்: மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், அலுவலகத்துக்கான காகிதங்கள் வேண்டும், காவல்துறை விசாரணை நடக்கும். உரிமம் இல்லாமல் ஆள் அனுப்புவது சட்டப்படி குற்றம். உங்களுக்கு எது என்று சொன்னால் மேலும் சொல்கிறோம்.

சிஸ்டரிடம் காட்டினேன். யாருடைய எண் என்றும் சொன்னேன். இரண்டு முறை படித்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்குது. அனுப்புங்க” என்றார். உதட்டோரம் அவருக்கும் சிரிப்பு.

நீல டிக் விழுந்தது. மறுபதில் வரவில்லை.

காவல்துறை விசாரணை என்ற இடத்தில் அவர் நின்றிருப்பார். தம்பி ஊர் வந்ததும் ஸ்டேஷனில் கொடுத்திருந்த புகார் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது நான் அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். கூடவே, பதிவு எண் கேட்டுக் கிடைக்காமல் அவரிடம் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்ட மூன்று குடும்பங்களும் வந்தன. சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் சிஸ்டர் எழுதினார். இந்த முறை போலீஸார் மாடி ஏறினார்கள். மேசைக்குள் ஒரு கட்டுப் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. போர்டை இறக்கும்போது நான் எதிரே பேக்கரி வாசலில் நின்று பார்த்தேன். அவரைக் கீழே கூட்டிவந்தபோது, என்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்றே முன்னால் போய் நின்றேன்.

“அம்மணி, நீங்களா?” என்றார்.

“நானேதானுங்க” என்றேன். மரியாதையைக் குறைக்கவில்லை.

வழக்கு நடக்கிறது. அவர் ஜாமீனில் இருக்கிறார். தம்பி இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் இடது கையால் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். “போதும்க்கா, உட்டுருங்க. அவனுக்கும் புள்ளைங்க இருக்குது” என்று சாப்பிடும்போது சொன்னான். ஸ்பூனை இடது கையில் பிடித்திருந்தான். நான் இன்னொரு தோசையைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தேன். அடுத்த வாய்தாவுக்கும் போவேன் என்று மட்டும் சொன்னேன்.