ஆஜராகவில்லை

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. காஜா பெராங் ஊர்க்காரர் பொன்னுதுரை ரப்பர் கிடங்கில் குமாஸ்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கோலாலம்பூர்த் தமிழ் நாளிதழின் நிருபர். சைக்கிளில் கோர்ட்டுக்குப் போய் நாலு வரி எழுதி, மாலை பஸ்ஸில் அனுப்பிவிடுவார். கோர்ட் செய்தி தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைப்பு.

சம்மன் கிடைத்தும் எதிராளி வராமல் முடிகிற வழக்குகள் நிறைய. அவற்றுக்கென்றே அவரிடம் ஒரு வரி இருந்தது: "எதிர்த்தரப்பினர் ஆஜராகாததால் நீதிமன்றம் ஒருதரப்பு உத்தரவு பிறப்பித்தது."

அந்த வியாழக்கிழமை நீதிபதியின் அறை சாத்தியிருந்தது. வெளியே வந்த கோர்ட் குமாஸ்தா சொன்னது இவ்வளவுதான்: "சோமசுந்தரம் கேட்ட தடை கிடைச்சிருச்சு. கருப்பையா வேலியோர மாமரத்த வெட்டக்கூடாது. எக்ஸ் பார்ட்டே லா."

எக்ஸ் பார்ட்டே என்றால் ஒருதரப்பு; அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கை பழைய வரியை எழுதிவிட்டது.

சனிக்கிழமை செய்தி வந்தது. ஞாயிறு காலை கருப்பையா பேப்பரோடு பொன்னுதுரையின் வாசலில் நின்றார். அதே தெருவில் இருக்கிற லாரி ஓட்டுநர், அதிர்ந்து பேசாதவர். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"தம்பி, கூப்பிட்டாத்தான வர்றதுக்கு?"

"சம்மன் வரலையாண்ணே?"

"வியாழக்கிழம சாயங்காலம் உத்தரவுத் தாளுதான் வந்திச்சு. மரம் உளுத்து எங்க கூரை மேல சாயுது. வெள்ளிக்கிழம வெட்ட ஆள் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிஞ்சா அதுக்குள்ள வெட்டிருவேன்னு பக்கத்து வீட்டு சோமசுந்தரம் ஜட்ஜுகிட்ட சொல்லி, என்னைக் கேக்காமலே தடை வாங்கிட்டாரு. தப்புன்னு சொல்ல மாட்டேன் லா, வெட்டின மரத்த ஒட்டவா முடியும்? வர்ற புதன்கிழம வரைக்கும்தான் தடை. அன்னிக்கி என்னையும் கேட்டுட்டுத்தான் ஜட்ஜு முடிவு சொல்வாரு."

பேப்பரை மடித்தார்.

"தெங்கேராவுல எங்க கோகிலாவப் பொண்ணு கேட்டவங்க, கோர்ட்டுக்குப் பயந்து ஓடுறவன் வீட்டுச் சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. கோர்ட்டாச்சும் எனக்கு ஒரு தேதி குடுத்திச்சு. நீங்க என்ன தேதி குடுத்தீங்க தம்பி?"

பொன்னுதுரையை வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வீடு தள்ளி இருக்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அங்கேயே உட்கார்ந்து திருத்தம் எழுதினார்: "கருப்பையாவுக்கு முன்னறிவிப்பு தரப்படவில்லை, அதனால் அவர் தரப்பு கேட்கப்படவில்லை. தடை இடைக்காலத்துக்கு மட்டுமே. ஆஜராகவில்லை என்று எழுதியது நிருபரின் பிழை."

அது அச்சாகிவர மூன்று நாளாவது ஆகும். முதல் செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் அதைப் படிப்பார்கள் என்று என்ன நிச்சயம்? தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெங்கேராவுக்குச் சைக்கிளை மிதித்தார்.

கருப்பையாவின் பேரைக் கேட்டதும் மாப்பிள்ளையின் அப்பா அப்பாசாமி உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவரு வராம உங்கள அனுப்பிச்சாரா?"

"அவருக்கு நான் இங்க வந்ததே தெரியாதுங்க. கோர்ட்டுக்கு அவரை யாரும் கூப்பிடல. நானும் கேக்காம எழுதிட்டேன்." தாளை நீட்டினார்.

அப்பாசாமி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாங்களும் அவரைக் கேக்காமத்தான் முடிவு பண்ணிட்டோம்," என்றார். "வரச் சொல்லுங்க."