ஒரு அம்பா, இரண்டு அம்பா

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் கணினி வடிவமைப்பாளனாக இருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், அது ஓய்ந்தால் காலண்டர். என் அறையில் ஒரு கணினி. அடுத்த அறையில் பிலிம் எடுக்கும் அண்ணனிடம் இன்னொன்று. நான் செய்வதை அவர் பிலிமாக எடுத்துக் கொடுத்தால்தான் பிளேட் போடுவார்கள், மெஷின் ஓடும். இரண்டு கணினியையும் ஒரு ஒயர் இணைத்தது. அந்த ஒயருக்கு நான்தான் அறிவாளி என்று அச்சகம் நம்பியது. நானும் நம்பினேன், அதுதான் வினை.

முதலில் ஒருவழிப் பிரதியாக வைத்திருந்தேன். என் கோப்புறை அசல், அவருடையது நகல். என்னிடம் இருப்பது அங்கே போகும், என்னிடம் இல்லாதது அங்கே அழியும். அவர் பக்கத்தில் நடக்கும் எதுவும் என்னிடம் வராது. அழகான ஏற்பாடு, பிழைதிருத்தும் அக்கா ஒருவர் மட்டும் உலகத்தில் இல்லாதிருந்தால்.

தினசரித் தாள் காலண்டரின் ஒவ்வொரு தாளையும் படித்து, திதி, நட்சத்திரம் சரிபார்ப்பது அக்காவின் வேலை. பிலிம் அறையில் ஏ.சி. இருந்ததால் அங்கேதான் உட்காருவார். கடைசி நேரத் திருத்தங்களை அண்ணன் கணினியிலேயே போட்டுவிடுவார்கள். ஒரு நாள் அக்கா மார்ச் மாதத் தாள்களை முழுக்கத் திருத்தி முடித்த கையோடு, நான் பிரதியை ஓட்டினேன். என்னுடைய பழைய மார்ச், அவருடைய புது மார்ச்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஏலே, நட்சத்திரம் எல்லாம் பழையபடி மாறிக் கெடக்கு. ஒன் கம்ப்யூட்டருக்கு எம்மேல என்னலே கோவம்?" என்றார் அக்கா.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மதுரையில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் வாங்கி, காலண்டர் முடியட்டும் என்று இரண்டு முறையும் தள்ளிப்போட்டவர். அந்தக் கண்ணால் மார்ச்சை மறுபடி படித்தார்.

அந்த வெட்கத்தில்தான் இருவழி ஒத்திசைவுக்கு மாற்றினேன். திரையில் இரு பக்கமும் கூர் வைத்த அம்பு. எந்தப் பக்கம் புதிதோ அது பழையதன் மேல் போகும். "அண்ணே, இனிமே நீங்க செய்யறதெல்லாம் எனக்கும் வந்துரும்" என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். திருத்தத்தைத்தான் நினைத்துச் சொன்னேன். அம்பு என் நினைப்பைக் கேட்டு நடப்பதில்லை.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமியன்று காலண்டருக்குப் பிலிம் எடுக்கத் தொடங்க வேண்டும். அக்கா எல்லாத் தாளையும் முடித்திருந்தார். பூஜை முடிந்ததும் அன்று மதியமே மதுரைக்குப் பஸ் ஏறுவதாக இருந்தார், மூன்றாவது முறையாக வாங்கிய நாளுக்கு.

அச்சகமே துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தது. மெஷின்களுக்கு எண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு. அக்காவின் திருத்தத் தாள்களைக்கூடக் கழிவுக் காகிதத்தோடு கட்டி ஏற்றிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அவை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் ஏதாவது ஒரு வெடியின் வயிற்றில் சுருண்டிருக்கும். நான் பொறுப்பாக, மூடுவதற்கு முன் ஒத்திசைவை ஒரு தடவை ஓட்டினேன். திரை ஏதோ கேட்டது. கையில் சந்தனம். படிக்காமல் சரி என்று தட்டி, கணினியை அணைத்து, மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தேன்.

சூடம் காட்டும்போது அண்ணன் என் காதில் சொன்னார்:

"நானும் சுத்தம் பண்ணிட்டேன் மாப்ள. டிஸ்க்கு மூச்சு முட்டிக் கெடந்துச்சு. காலண்டர் பூராத்தையும் அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

"எப்பண்ணே?"

"காலைலயே. அதான் ஒங்கிட்ட இருக்கே? நாளைக்கு ஓட்டுனா தானா வந்துரும்லா."

பழைய ஒருவழிப் பிரதியாக இருந்திருந்தால் வந்திருக்கும். அவர் அழித்ததை என் கோப்புறை மறுபடி நிரப்பியிருக்கும். நான் மாற்றி வைத்த அம்போ, அவருடைய சுத்தத்தை அப்படியே என்னிடம் கொண்டுவந்து செய்து முடித்திருந்தது. அங்கே அழிந்ததை இங்கேயும் அழிக்கட்டுமா? திரை கேட்ட கேள்வி அதுதான். முதலாளி நீட்டிய பொரி எனக்கு மணல்போல இருந்தது.

கணினியை நோக்கி ஓடினேன். முதலாளி கையைப் பிடித்தார்.

"பொட்டு வச்சப்புறம் தொடக் கூடாதுல்ல? நாளைக்குப் பாத்துக்கலாம்."

"மொதலாளி, காலண்டரே போச்சு."

"போச்சுன்னா, இப்பத் தொட்டா வந்துருமா?" என்று அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

சாத்தூரில் கணினி பழுதுபார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அழாத குறை.

"அழிஞ்சப்புறம் அந்த டிஸ்க்குல எதையாவது எழுதுனியாலே?"

"அணைச்சுட்டேன். ரூமையும் பூட்டிட்டாரு."

"ஒங்க மொதலாளிக்கு ஒரு கும்பிடு போடு. அழிச்சா பேரு மட்டுந்தான் போகும், உள்ள இருக்கறது அங்கனயேதான் கெடக்கும். வேற ஃபைல் வந்து மேல உக்காந்தாத்தான் நாசம். பூட்டுனது பூட்டுனதாவே இருக்கட்டும்."

அண்ணனின் டிஸ்க்கைப் பற்றியும் கேட்டான். காலியான இடத்தில் அவர் காலையிலேயே மைக் செட்டுக்காகப் பாட்டுகளை ஏற்றி நிரப்பியிருந்தார். அங்கே எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பையை இடுக்கியபடி வாசலில் நின்றார். திட்டுவார் என்று நின்றேன். பையைக் கீழே வைத்து, ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லி மதுரைக்குப் போன் போட்டார். அதற்குத் திட்டே மேல்.

மறுநாள் காலையில் நண்பன் வந்தான். என் டிஸ்க்கைக் கழற்றி, அவன் கொண்டுவந்த கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, மீட்டதையெல்லாம் வேறு டிஸ்க்கில் எழுதினான். எவ்வளவு மீண்டது என்று காட்டும் கோடு திரையில் நகர்ந்தது. அது நகர்ந்த வேகத்துக்கு ஆனைக்குட்டம் அணையை ஒரு செம்பால் இறைத்து முடித்திருக்கலாம். அந்த நேரத்தில் அண்ணனும் நானும் சண்டை போட்டோம்.

"ஒரு வழியே நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

"அதுல உங்க பக்கம் செஞ்ச வேலை அழிஞ்சதேண்ணே?"

"அழிஞ்சா எங்கிட்ட மட்டும் அழியும். இப்ப ரெண்டு பக்கமும்லா போச்சு."

நண்பன் திரும்பினான். "ரெண்டு பேரும் ஒரே கோப்புறையில கைய வச்சா எந்த அம்பும் குத்தத்தான் செய்யும். ஒனக்கு ஒன்னு, அவருக்கு ஒன்னு வச்சுக்க. அவங்கவங்களதுல அவங்கவங்கதான் எழுதணும், மத்தவன் நகல் வாங்கிக்கணும். அழிக்கறத மட்டும் அனுப்பாதே. தனியா இன்னொரு நகல் எழுதி பீரோவுல பூட்டு. நீ இதுவரைக்கும் வச்சிருந்தது பேக்கப்பு இல்ல, கண்ணாடி. அங்க அழிஞ்சா இங்கயும் அழியும்."

அப்படித்தான் பிறகு வைத்தோம். ஆனால் அப்போது எனக்குத் தேவை காலண்டர்.

ஏறக்குறைய எல்லாம் வந்தன, பெயரில்லாமல். ஒவ்வொன்றாகத் திறந்து எந்தத் தேதி என்று பார்த்தோம். சில தாள்கள் திறக்கவே இல்லை. செப்டம்பரில் ஒரு கொத்து. அவற்றைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் அடித்தேன். அக்காவின் கண்ணுக்குத் திரை வெறும் வெளிச்சமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"வாசிலே, காதாலயே திருத்துறேன்" என்றார்.

நான் வாசித்தேன். ஓரிடத்தில் கையை உயர்த்தினார். "முந்தின தேதிக்குப் பௌர்ணமின்னு வாசிச்ச, அடுத்த தேதிக்கு அமாவாசையா? ஒரே ராத்திரியில நிலாவையும் அழிச்சுட்டியாலே?" எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசித் தாள் முடிந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அக்காவை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட முதலாளி பைக்கைக் கிளப்பினார். அக்கா பின்னால் ஏறி, பையை மடியில் வைத்து, வழியனுப்பிய என் குரல் வந்த பக்கமாகத் திரும்பினார்.

"தம்பி, நான் கண்ணக் கட்டிட்டுப் படுத்திருக்கும்போது கம்ப்யூட்டரு எதாச்சும் கேட்டுச்சுன்னா, வேண்டாம்னே சொல்லு."