பின்பாதியை மட்டும் போட்டுப் பாருங்க

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கேசட் நூலகம் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். ஒவ்வொரு கேசட்டிலும் என்ன இருக்கிறது என்று நூலகப் பொறுப்பாளரான அக்கா நாலைந்து வரியில் குறிப்பு எழுதுவார். சனிக்கிழமை காலை அவர் மேஜைக்கு முன்னால் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். வேண்டியதை வாயால் சொல்வார்கள், அக்கா தேடி எடுத்துக் கொடுப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பக்கத்துத் தெருவில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன். அக்காவின் குறிப்புகளை ஒரு சிறிய தளமாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. கட்டடத்துக்குள் இருந்த மூன்று கணினிகளில் மட்டும் திறக்கும் தளம் அது. சர்வர் என்று நாங்கள் சொன்னது மூலையில் கிடந்த ஒரு பழைய கணினிதான். அதில் லினக்ஸும், இலவசமாகக் கிடைத்த ஒரு டேட்டாபேஸும் ஓடின. தமிழ் எழுத்துருக்களுக்கு அன்று ஆளுக்கொரு குறியீடு என்பதால், குறிப்புகளைத் தமிழாகவே ஆங்கில எழுத்தில் தட்டச்சினோம்.

முதலில் நான் எழுதிய தேடல் மகா மோசம். குறிப்புக்குள் எந்த இடத்தில் தேடும் எழுத்துகள் வந்தாலும் எடு என்று கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் எல்லாக் குறிப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். மூன்று கணினியிலும் ஒரே நேரத்தில் தேடினால் திரை அப்படியே நிற்கும்.

"தம்பி, இதுக்கு நானே அலமாரியில போய்ப் பாத்துருவேன்லா" என்றார் அக்கா.

என் முதலாளி, சென்னையில் ஒரு நிறுவனம் தேடலுக்கென்றே தனி மென்பொருள் விற்கிறது, அதற்குத் தனிக் கணினி வேண்டும் என்றார். ராத்திரிக்கு ராத்திரி அது குறிப்புகளைப் படித்துத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளுமாம்.

அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்பம் இன்னைக்குக் காலையில பதிஞ்ச கேசட்டு இன்னைக்குச் சாயங்காலம் தேடுனா வராதா?"

"நாளைக்குத்தான் வரும்க்கா."

"திங்கக்கெழம பரீட்சைன்னா சனிக்கெழம வாசிச்சுக் கொடுக்காவோ. நாளைக்கு வந்து என்ன செய்ய? அதுபோக, இன்னொரு பொட்டிய இங்கன வச்சா அத யாரு பாப்பா?"

அவர் கேட்டது சரிதான். பத்திரிகையோடு வந்த சி.டி. ஒன்றில் அந்த டேட்டாபேஸின் மூலநிரல் இருந்தது. அதைக் குடைந்தபோது, உபரியாகச் சேர்த்த கருவிகளுக்கான ஒரு ஃபோல்டரில் முழுச்சொல் தேடலுக்கான சிறு நிரலும் ஒரு விளக்கக் குறிப்பும் கிடைத்தன. எங்கோ ஒருவர் தன் தேவைக்கு எழுதி, பிறருக்கும் ஆகட்டும் என்று விட்டிருந்தார். டேட்டாபேஸில் ஒரு பதிவைச் சேர்த்ததும் அந்த நிரல் தானாகவே ஓடி, குறிப்பைச் சொல் சொல்லாகப் பிரித்து இன்னொரு அட்டவணையில் போட்டுவிடும். அந்த அட்டவணை அகரவரிசைப்படி தேடத் தோதாக இருப்பதால் விடை சட்டென்று வரும். தனி மென்பொருள் வேண்டாம், தனிக் கணினி வேண்டாம்.

இரண்டு நாளில் பொருத்திவிட்டேன். ஆனால் தேடினால் ஒன்றுமே வரவில்லை. புதிதாகச் சேர்ப்பவற்றுக்குத்தான் அது ஓடும், ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடாது என்பது பிறகுதான் உறைத்தது. எல்லாப் பழைய பதிவுகளையும் மாற்றமில்லாமல் ஒருமுறை திருப்பி எழுத வைத்தேன். அவற்றையும் புதிதாகச் சேர்த்ததுபோல் நிரல் பிரித்துப் போட, அட்டவணை நிறைந்தது.

அந்தச் சனிக்கிழமை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் எம்.ஏ. வரலாறு மாணவர் ஒருவர் தாமிரபரணி பற்றிய கேசட்டுகளைக் கேட்டார். அக்கா தட்டியதும் விடை வந்தது, ஆனால் இரண்டே இரண்டு.

"இன்னும் உண்டே" என்றார் அக்கா. "வேற வேற ஆளு டைப் அடிச்சது. ஒருத்தர் தாமிரன்னு அடிச்சிருக்காவோ, ஒருத்தர் தமிரன்னு. இங்கிலீசு எழுத்துல அவரவருக்கு ஒரு கணக்கு."

மாணவர் யோசித்தார். "பின்பாதி எல்லாருக்கும் பரணிதானக்கா? பின்பாதிய மட்டும் போட்டுப் பாருங்களேன்."

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தட்டிவிட்டார். ஒன்பது கேசட்டுகள் வரிசையாக வந்து நின்றன.

அப்போதுதான் அந்த நிரலைச் சரியாகப் படித்தேன். அது ஒரு சொல்லை முழுதாக மட்டும் வைக்கவில்லை. முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதி, இரண்டெழுத்தை விட்டு மீதி என்று கடைசி இரண்டெழுத்து வரைக்கும் எல்லா வால்களையும் வைத்திருந்தது. அதனால் சொல்லின் நடுவிலிருந்தும் தேடலாம். சொற்களை ஒட்டி ஒட்டி எழுதுகிற நமக்கு அது பெரிய வரம். கட்டியது நான், அதன் அருமையைக் கண்டுபிடித்தது அவர்.

நாலைந்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மழைநாளில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் சர்வரின் வட்டு கெட்டது. வாராவாரம் நகல் எடுத்து வைத்திருந்ததால் நான் பதறவில்லை. புது வட்டில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பெருமையோடு கிளம்பிப் போனேன்.

சனிக்கிழமை அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கொற்கை என்று தேடினால் தேனீ வளர்ப்பு வருகிறது. அசோகர் என்று தேடினால் நவீன உளவியல்.

காரணம் என் அலட்சியம். ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டாபேஸ் தானாக ஓர் உள் எண் கொடுக்கும். சொல் அட்டவணை அந்த எண்ணை வைத்துத்தான் எந்தக் குறிப்பு என்று அறியும். நகல் எடுக்கும்போது உள் எண்களையும் சேர்த்து எடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. திரும்ப ஏற்றியதும் எல்லாப் பதிவுக்கும் புது எண், அட்டவணையிலோ பழைய எண். விளக்கக் குறிப்பைக் கடைசிவரை படித்திருந்தால் தப்பியிருப்பேன்.

வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அக்கா என்னைக் கைகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து நின்று, "இன்னைக்குத் தேடுதது கொஞ்சம் பைய நடக்கும். ஆளுக்கு ஒண்ணா சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்" என்று அலமாரிப் பக்கம் போனார். அவர் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, நான் சொல் அட்டவணையைக் காலி செய்து எல்லாப் பதிவுகளையும் மறுபடி திருப்பி எழுத வைத்தேன். மத்தியானத்துக்குள் கொற்கை கொற்கையாக வந்தது.

வரிசையின் கடைசியில் அந்த எம்.ஏ. மாணவர் நின்றார். அவரிடம் மட்டும் போய் நடந்ததைச் சொன்னேன்.

"தேனீ வளர்ப்பும் பரவால்ல. எனக்கும் ஒரு வேல வேணும்லா" என்று சிரித்தார். அவருடைய சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நகல் எடுக்கும் கட்டளையை அன்றே திருத்தி, ஏன் திருத்தினேன் என்று ஒரு தாளில் எழுதி சர்வர்மேல் ஒட்டினேன். அதன்பின் பெரிய ஊர்களில் பெரிய தேடல்களைக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் முகம் தெரியாத அந்த நிரல்காரருக்கும், அன்று என்னைக் காட்டிக்கொடுக்காத அக்காவுக்கும், பின்பாதியை மட்டும் போடச் சொன்ன மாணவருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் குறையவேயில்லை.

அந்த மாணவர் பின்னாளில் விரிவுரையாளர் ஆனார். தம் வகுப்புகளைக் கேசட்டில் பேசி நூலகத்துக்கே அனுப்பினார். ஊருக்குப் போனபோது ஒருநாள் அக்காவின் மேஜையில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஏழு கேசட்டுகள் வந்தன. கடைசியாக வந்ததை அக்கா அன்று காலையில்தான் பதிவேற்றியிருந்தார்.