யாரோ ஒருத்தியின் கையுறை

தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்று சொன்னால் போதும். ஐப்பசி முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர், பொறியாளர், புறநகரான கர்க்லாண்டில் சொந்த வீடு. நான் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய இடைக்காலக் காதல் பாட்டுகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். மாசி மாதத்தில் ஒரே ஒருமுறை, ஒரு காபிக் கடையில், முக்கால் மணி நேரம் சந்தித்தோம். வெளியே வந்தபோது என் இடது கையுறையைக் காணவில்லை. அந்தக் குளிரில் ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் மறதியைத் திட்டியபடியே மெட்ரோவுக்கு ஓடினேன்.

அதன்பிறகு எட்டு மாதம் எல்லாம் கைபேசியில்தான். என் படிப்பைப் பற்றி அவர் கேட்டார். என்னைப் பெண் பார்த்த யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதற்கும் கேட்காததற்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

தெற்கு பிரான்சில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் ட்ரூபதூர் என்று பாடகப் புலவர்கள் இருந்ததைச் சொன்னேன். அவர்கள் பாடிய பெண் பெரும்பாலும் பிரபுவின் மனைவி, எட்டாத உயரத்தில் இருப்பவள். அவளை 'என் எஜமானர்' என்று ஆண்பாலில் அழைப்பார்கள். ஒரு வீரன் தன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து விசுவாசம் சொல்வான். அதையே காதலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். உண்மைப் பெயரைச் சொல்லாமல் ஒரு மறைபெயர் வைப்பார்கள், ஏனென்றால் அரண்மனை முழுக்க வேவு பார்த்துக் கோள் சொல்பவர்கள். அந்தப் பாட்டுகளில் கணவனைவிடப் பெரிய வில்லன் அந்தப் புறங்கூறிதான். காதலனுக்கு நான்கு படிகள் உண்டு என்று ஒரு பழைய நூல் சொல்கிறது: ஏக்கத்தை ஒளிப்பவன், கெஞ்சுபவன், அவள் ஏற்றுக்கொண்டவன், கடைசியில் காதலன். மூன்றாம் படிக்கு அடையாளமாக அவள் ஒரு கையுறையோ இடைக்கச்சையோ கொடுக்கலாம்.

அவர் எதிர்முனையில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் கேட்பார்.

சீக்கிரமே எனக்கும் ஒரு மறைபெயர் வந்தது: தூரத்து விளக்கு. நேரில் பார்க்கலாமா என்று கேட்டால், "இன்னும் நான் அதுக்குத் தகுதியாகலைங்க" என்பார். என்ன மரியாதை என்று உருகினேன். நம் அகப்பாட்டிலும் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லமாட்டார்கள் அல்லவா, இவரும் அதே மாதிரிதான் என்று எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். தமிழ் படித்த திமிர் செய்த தப்பு அது. நம் பாட்டில் பெயர் இல்லாவிட்டாலும் தலைவி வாயைத் திறந்து பேசுகிறாள், கோபிக்கிறாள், தோழி சண்டைக்கு வருகிறாள். அந்த ட்ரூபதூர் பாட்டுகளில் அவள் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த யாழ்ப்பாணத்துத் தோழி கார்டெரி என்கிற காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு வியாக்கியானம் எதுவும் தேவைப்படவில்லை.

"எட்டு மாசமா ஃபோனிலதான் கதைக்கிறியள். கர்க்லாண்ட் என்ன சந்திரனிலயே கிடக்கு? பஸ் போகுதெல்லோ."

"அவர் ரொம்ப கூச்ச சுபாவம்."

"ஓம், ஓம். பேந்து சொல்லு" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அக்டோபரில் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். பத்துக் குழு, குழுவுக்கொரு பாட்டு. பாட்டில் வரும் பெண்ணை வரையச் சொன்னேன். பத்துத் தாள்களையும் சுவரில் ஒட்டியபோது வகுப்பு சிரித்தது. பத்திலும் ஒரே முகம். வெளுத்த நெற்றி, ஒளிவிடும் கண், லேசான சிரிப்பு. ஒரு மச்சமில்லை, ஒரு தழும்பில்லை. அந்த முகம்தான் பிரான்சின் வடக்கே கதைகளுக்குப் போனது, இத்தாலிக்குப் போய்ச் செத்தபிறகும் வணங்கப்பட்டது, வாழ்த்து அட்டைக்கு வந்தது, கடைசியில் நம் சினிமாவில் தேவதையாக நடந்து வருகிறது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே பத்துப் பேர் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் கர்க்லாண்டுக்குப் பேருந்து ஏறினேன்.

கதவைத் திறந்தவர் என்னை ஒரு நொடி யார் என்று தெரியாதவர்போலப் பார்த்தார். பிறகு, "வாங்க, உக்காருங்க" என்றார். வரவேற்பறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. நான் அதில் உட்காரப் போனேன்.

"அது வேண்டாங்க. இங்க உக்காருங்க."

நாற்காலிக்கு எதிரே, அவர் காட்டிய சோபாவுக்குப் பின்னால், சுவரில் ஒரு பெரிய படம். வரன் பார்க்க அம்மா அனுப்பிய என் புகைப்படம்தான். கன்னத்து மச்சம் போயிருந்தது. நிறம் வெளுத்திருந்தது. கண்கள் பெரிதாகி ஈரமாக மின்னின. என் மாணவர்கள் வரைந்த பதினொன்றாவது படம்போல் இருந்தது. அதன் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் என் இடது கையுறை, விரல்களை நீட்டி, உள்ளே பஞ்சு வைத்து, ஒரு கை இருப்பதுபோல.

காபி கொண்டுவந்தார். "நான் காபி குடிக்கிறதில்லையே, சொல்லியிருக்கேனே" என்றேன்.

"அவங்களுக்குக் காபிதாங்க பிடிக்கும்" என்றார். குரலில் கேலியோ கோபமோ இல்லை.

"அவங்கன்னா யாரு? நான்தானே அது?"

அவர் மெல்ல எழுந்து வந்து என் முன்னால் மண்டியிட்டார். கைகளைக் கூப்பி நீட்டினார். இங்கே மோதிரத்தோடு மண்டியிடும் ஆண்கள் எல்லோரிடமும் அந்தப் பழைய வீரனின் சாயல் உண்டு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் அவர் கண் என் தோளுக்கு மேலே, சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கைகளை நான் பிடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எட்டு மாதம் அவர் என் பேச்சைக் கேட்டதுபோல் வேறு யாரும் கேட்டதில்லை.

அந்தக் காலத்திலும் பாட்டுக்கட்டிய பெண்கள் சிலர் இருந்தார்கள். ஒருத்தி விவாதப் பாட்டில், கைகூப்பி வேலைக்காரனாக வந்தவன் இடம் கிடைத்ததும் சமம் என்கிறானே என்று சண்டை போடுகிறாள். அவளிடம் சண்டை போடவாவது ஒருவன் எதிரே இருந்தான்.

"என்னைப் பாத்துப் பேசுங்க" என்றேன். அவர் பார்க்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தேன். அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "அது அவங்களோடது" என்று மட்டும் சொன்னார். தடுக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்று பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கையுறையை மாட்டினேன். உள்ளே நான் பூசாத ஏதோ வாசனை. அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, இந்த வரன் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் அவருக்குப் பிடித்த பெண் இல்லை என்றேன். அது பொய்யில்லை.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது கைபேசிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது.

"தூரத்து விளக்குக்கு. இன்று ஒரு புறங்கூறி வீட்டுக்கு வந்திருந்தாள். நீங்கள் தந்த கையுறையை எடுத்துப் போய்விட்டாள். காப்பாற்றத் தவறிவிட்டேன். தண்டியுங்கள்."

நான் பதில் போடவில்லை. அப்படியே அவர் எண்ணையும் தடுத்துவிட்டேன். எட்டாத பெண்ணின் மௌனத்தைவிட அவருக்குப் பெரிய பரிசு கிடையாது என்று வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது.