கறுப்பாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை

"நான் மாத்திரையே முழுங்கலீங்க" என்று என் மகள் சொன்னாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். எட்டு மாத வயிறு மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே அவளை அடித்திருப்பேன்.

அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் நர்ஸோடு சண்டை பிடித்திருந்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த நர்ஸ், "போன மாசத்துக்கு ரத்தம் இன்னும் கொறஞ்சிருக்குது. மாத்திரையத் தின்னாளா, காப்பிச் செடிக்குப் போட்டாளா?" என்று கேட்டார். "என் கையால குடுக்கறேனுங்க. தெனமும் காலைல, வெறும் வயித்துல. வாயத் தெறக்கச் சொல்லிப் பாக்கறேன்" என்று கத்தினேன். நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள். என்னிடமா இந்தக் கேள்வி என்ற திமிர்.

நர்ஸ் கேட்டது உண்மையாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காப்பிச் செடிகளுக்குத்தான் மாத்திரை போயிருக்கிறது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் போய்த் துப்பியிருக்கிறாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து எங்கள் மலையூர் மாரமங்கலத்துக்கு அழைத்து வந்தபோது அவள் இப்படி இல்லை. முதல் பத்து நாள் ஒழுங்காகத்தான் விழுங்கினாள். விழுங்கிய அரை மணியில் குமட்டல். "வவுத்தப் பொரட்டுதும்மா" என்பாள். இவளைச் சுமந்தபோது நானும் இதே மாத்திரையைத் தின்றவள்தான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் இவளுக்கும் செய்யாது என்று முடிவு கட்டிவிட்டேன். "நடிக்காத கண்ணு, முழுங்கு" என்று சூடாக வரக்காப்பியைக் கையில் கொடுத்தேன். கழிப்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வேர்த்துப்போய் வருவாள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ஏன்டி முழுங்கல?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸிடம் சொன்னாள். "வெளிக்குப் போனா கறுப்பாப் போச்சுங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு பயந்துட்டேன். நிறுத்தின கொஞ்ச நாள்ல சரியாப் போச்சு. அப்ப மாத்திரதான கொழந்தைக்கு ஏதோ பண்ணுது?"

நர்ஸ் பேனாவை வைத்தார். "தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தம் அடிச்சுதா?"

"இல்லீங்க. கெட்டியா, கரும்பச்சையா இருந்துச்சு."

"அது ரத்தமில்ல சாமி, இரும்பு. மாத்திரைல இருக்கறதுல கொஞ்சந்தான் ஒடம்புல ஏறும். ஏறாத மிச்சம் வயித்த உறுத்தும், அதான் குமட்டல். கொடலுக்குப் போயிக் கறுத்துரும். கொடலோட ஓட்டத்தையும் மந்தமாக்கும். மாசமா இருந்தா ஏற்கெனவே மந்தம், அதுல இதுவும் சேந்தா முக்க வேண்டியதுதான். எல்லாத்துக்கும் இப்படி ஆவாது. உனக்கு ஆவுது. சோறு தின்னுட்டு முழுங்கியிருக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எதோட குடுத்தீங்க டீச்சர்?"

"காப்பியோட."

"நல்லாக் குடுத்தீங்க போங்க. காப்பி அந்த இரும்பப் புடிச்சு வெச்சுக்கும். ஏற வேண்டியதும் ஏறாம வயித்துலயே கெடக்கும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பு எரிந்தது. இத்தனையும் தெரிந்த இந்த அம்மாள் ஒரு மாதம் முன்பு மாத்திரை அட்டையை நீட்டியபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? வருடா வருடம் கரும்பலகையில் குடல் படம் போடும் நான் ஏன் என் பிள்ளையிடம் கேட்கவில்லை? தன் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று நினைத்தபடி என் பக்கத்து அறையில் அவள் தனியாகப் படுத்திருக்கிறாள். நான் நடிக்காதே என்றிருக்கிறேன்.

இனி மாத்திரைக்கு நேரமில்லை, இந்த அளவு ரத்தத்தோடு பிரசவத்துக்குப் போனால் தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பஸ் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் என் மேல் சாயாமல் ஜன்னல் பக்கமே இருந்தாள். ஊசி வழியாக நேராக ரத்தத்தில் இரும்பை ஏற்றினார்கள். பழுப்பு நிறத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் ஏறியிருந்தது. நர்ஸ் சீட்டில் குறித்துவிட்டு, அடுத்து நின்ற எஸ்டேட் பெண்ணிடம் அதே மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினார். "தெனம் ஒண்ணு." அவ்வளவுதான். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"தின்னா என்ன ஆவும்னு சொல்லி அனுப்புங்க!" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டு கைதானுங்க எனக்கு. நீங்க டீச்சர்தான, நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பின்னால் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். "அது வந்து..." என்றேன். "வெளிய போறது..." அதற்கு மேல் வாய் வரவில்லை. இத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை.

என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்கக்கா, பீ கறுப்பாப் போகும். பயந்துக்காதீங்க. குமட்டுனா சோத்துக்குப் பொறவு போடுங்க. காப்பியோட மட்டும் வேண்டாம். அப்படியும் முடியலீன்னா துப்பாதீங்க, இங்க வந்து சண்ட போடுங்க."

அந்தப் பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "செரிங்க" என்றாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள், படி இறங்குவதற்கு.