ஏழாம் நம்பர் வேண்டாம்

பர்மாவில், பசுந்தாங் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆசிக் நடத்தும் பிரிண்டிங் கடையில், கணினிக்குப் பக்கத்து ஸ்டூல்தான் அம்சவேணியின் இடம். பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஆசிக்கின் வேலை. படத்துக்குக் கீழே தமிழில் என்ன எழுதுவது என்பது அம்சவேணியின் வேலை. இங்குள்ள தமிழ் இளவட்டங்களுக்குத் தமிழ் பேசினால் புரியும், எழுத வராது. அதனால் பதினொரு வருடமாக அந்த ஸ்டூல் அவளுக்கு நிலைத்திருக்கிறது.

அலோன் படகுத்துறையில் மூட்டை தூக்கியவரின் மகள். கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் தமிழ் படித்தாள். அதற்கு மேல் படிக்க வழியில்லை. கணவருக்கு ஈரல் கெட்டு, இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள். அவர் போன மறுமாதம் இந்த வேலைக்கு வந்தாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, தடித்த மூக்குக்கண்ணாடி.

ஆசிக்கின் கணினியில் இருபது வாசகங்கள் ரெடியாக இருக்கும். மூன்றாம் நம்பர் பூப்புனித நீராட்டு விழா, ஐந்தாம் நம்பர் புதுமனை புகுவிழா, ஏழாம் நம்பர் கண்ணீர் அஞ்சலி. யாராவது வந்தால் அவன் நம்பரைத் தட்டிவிடுவான். ஒரு முறை கோயில் கமிட்டியிலிருந்து, மாலை போட்ட பெரியவர் ஒருவரின் படத்துக்கு வாசகம் கேட்டார்கள். மாலையைப் பார்த்ததும் ஆசிக் ஏழாம் நம்பரைத் தட்டிவிட்டான். மறுநாள் சட்டத்தை வாங்க அந்தப் பெரியவரே வந்தார். அது அவருக்குப் பொன்னாடை போர்த்திய நாளில் எடுத்த படம். அன்றிலிருந்து கேள்வி கேட்காமல் அம்சவேணி ஒரு எழுத்தும் எழுதுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைபரில் ஒரு செய்தி வந்தது. பர்மிய எழுத்தில் இருந்தது. அனுப்பியவன் தாகேதாப் பகுதியிலிருந்து கணேஷ்குமார். அம்மா படத்துக்குத் தமிழில் வாசகம் வேண்டும், நாளைக்குள் சட்டம் போட்டு வேண்டும். படம் வரவில்லை. மின்சாரம் போய்விட்டது, நெட்டும் இழுபறி. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா படம், அவசரம்கிறான். ஏழுதான் அக்கா. தட்டிடவா?" என்றான் ஆசிக்.

"பெரியவர் வந்து நின்னது மறந்துபோச்சா? கையை எடு."

ஜெனரேட்டர் சத்தத்திலிருந்து தள்ளி நடைபாதைக்குப் போய், அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பிரிண்டிங் கடையில இருந்து பேசறேன். படம் எனக்கு வரலை. நாலு விஷயம் சொல்லு. படத்துல அம்மா தனியா இருக்காங்களா? முகம் எப்படி, சிரிக்கறாங்களா, சும்மா பார்க்கறாங்களா? இதை எங்க வைக்கப்போற, யார் பார்ப்பாங்க? பார்க்கறவங்களுக்கு மனசுல என்ன வரணும், அழுகையா, சந்தோஷமா, மரியாதையா?"

மறுமுனையில் செருப்பு படிகளில் இறங்கும் சத்தம் கேட்டது.

"முதல்ல இதைச் சொல்லு. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க ஆன்ட்டி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "மாடிப்படியில நின்னு பேசறேன். அவங்களுக்குக் கேட்கக் கூடாது. டாக்டர் பத்து, பதினஞ்சு நாள்னு சொல்லிட்டார். அந்த நேரத்துல ஓட முடியாதுன்னு முன்னாடியே பண்ணி வைக்கறேன். சோகமா எதாவது போட்டுடுங்க."

அம்சவேணி கோபப்படவில்லை. முன்கூட்டிச் செய்து வைக்கிறவன் பொறுப்பானவன்தான். சாவு வீட்டில் சட்டத்துக்கு அலைகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"அம்மாவுக்கு நினைவு நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா. நேத்துகூடக் கஞ்சியில உப்பு இல்லேன்னு திட்டுனாங்க."

"அப்போ சோகமா வேணுமான்னு என்னை ஏன் கேட்கற? அவங்களைக் கேளு."

"எப்படி ஆன்ட்டி? அவங்களுக்கு எதுவும் தெரியாது."

அம்சவேணிக்குத் தன் வீட்டுச் சமையல்கட்டு நினைவுக்கு வந்தது. அங்கே நின்று அவளும் நாத்தனாரும் கணவரின் நோயைப் பற்றி மாதக்கணக்கில் குசுகுசுத்தார்கள். ஒரு நாள் கணவர் கட்டிலிலிருந்து சொன்னார், "என்னைக் கொண்டுபோகும்போது அந்த நீலச் சட்டையைப் போடு, வெள்ளை வேண்டாம்." படுத்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. காது முழுக்கக் கதவுப் பக்கம்தான் இருக்கும்.

"தம்பி, மகன் மாடிப்படியில போய்ப் பேசறான்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும். போய்ப் பக்கத்துல உட்காரு. சாவைப் பத்திப் பேசாத. உங்க படத்தைச் சட்டம் போடறேன்மா, கீழ என்ன எழுதட்டும்னு மட்டும் கேளு. வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா விட்டுடு. அப்போ நான் எழுதித் தர்றேன்."

"அழுதுட்டாங்கன்னா?"

"துண்டு எடுத்துக் கொடு. நீ அழுதா உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சுக்க."

போனை வைத்துவிட்டு ஸ்டூலுக்கு வந்தாள். வாய் கொஞ்சம் நீண்டுவிட்டதோ என்று தோன்றியது. முன்பின் தெரியாத வீட்டில் மூக்கை நுழைத்து, கிழவியின் மிச்ச நாட்களைக் கெடுத்துவிட்டால்? கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளை பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். ஆசிக் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் பெண் குரல். மூச்சு வாங்கியது, ஆனாலும் தெளிவாக இருந்தது.

"ஏம்மா, சட்டக்கடைக்காரி நீதானா? நான் பவுனம்மா. இந்தப் பய ஒரு வாரமா மாடிப்படியில என்ன பண்றான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எவளோடயோ பேசறான்னு நெனைச்சேன்."

பின்னால் மகன் "அம்மா" என்று முனகுவது கேட்டது.

"சும்மா இருடா. எழுதிக்க. அழுதாங்க, துடிச்சாங்கன்னு எதுவும் வேண்டாம். நாப்பது வருஷம் வாசல்ல தோசை சுட்டேன். எவனும் வெறும் வயித்தோட போனதில்ல. அன்னைக்கும் போகக் கூடாது. வந்தவங்க சாப்பிட்டுப் போகணும்னு எழுது."

"அவ்வளவுதானாம்மா?"

"வேற என்ன வேணும்? பேரன் பேத்திக்குத் தமிழ் தெரியாது, தெருக்காரன் எல்லாம் பர்மாக்காரன். கீழ பர்மாவுலயும் போடு."

"எல்லாரும் சிரிப்பாங்க ஆன்ட்டி," என்றான் மகன் தூரத்திலிருந்து.

"சிரிக்கட்டும்," என்றாள் பவுனம்மாள். "சிரிச்சா பசிக்கும்."

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. வட்டம் நின்று படம் திறந்தது. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து அப்பிய கனத்த பெண்மணி, கையில் தோசைத் திருப்பி. சிரிக்கவில்லை. கல் காய்கிற நேரத்தில் படம் எடுக்கிறவனை முறைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அஞ்சலி என்று அதற்குக் கீழே எழுதியிருந்தால் அந்தக் கரண்டியாலேயே அடித்திருப்பாள் என்று அம்சவேணி நினைத்தாள்.

அடித்தாள்: பவுனம்மாள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகவும். கீழே அதையே பர்மிய மொழியில் ஆசிக் போட்டான்.

"தேதி அக்கா?"

"தம்பிகிட்டக் கேட்டுப் பிறந்த வருஷத்தை மட்டும் போடு. பக்கத்துல இடம் விடு. மாலைக்கு ஆணி வேண்டாம், இப்போ கட்டில்லதான் இருக்கப்போகுது."

மறுநாள் காலையில் கணேஷ்குமார் வந்து சட்டத்தை வாங்கிப் போனான். கண் வீங்கியிருந்தது. ஆனால் குரல் கிணற்றிலிருந்து மேலே வந்துவிட்டது. தலைகுனிந்து கும்பிட்டான்.

மாலையில் சட்டத்தோடு திரும்பி வந்து நின்றான்.

"என்ன தம்பி, உடைஞ்சுபோச்சா?"

"இல்ல ஆன்ட்டி. அம்மா பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. பர்மா எழுத்து சின்னதா இருக்காம். வாசல்ல நிக்கறவனுக்குத் தெரியலையாம். பெரிசாக்கி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நீங்க அடுத்த தடவை அந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரணுமாம்."

அம்சவேணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"உட்காரு," என்றாள். "எவ்வளவு பெரிசு வேணும்னு கேட்டியா?"